தண்ணீர் குடிக்கக் குடிக்க வறண்டுபோனேன்: இலியோஸ்டமியோடு நான் பட்ட பாடு

போன வருடம் சித்திரைக் கடைசியில் கொழும்பில் எனக்கு மலக்குடல் கட்டியை எடுத்தார்கள். வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை மலம் அந்த வழியால் போகக்கூடாது என்று சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலப்பக்கத்தால் வெளியே எடுத்து, அதற்கு மேல் பை ஒட்டிவிட்டார்கள். இதைத்தான் இலியோஸ்டமி என்கிறார்கள். சில மாதங்களுக்கு மட்டும்தான், பிறகு உள்ளே வைத்து மூடிவிடலாம் என்று சொன்னதால் மனதை ஓரளவு தேற்றிக்கொண்டேன். பையை எப்படி மாற்றுவது, தோல் புண்படாமல் எப்படித் துடைப்பது என்றெல்லாம் நேர்ஸ் மிஸ் ஒருவர் பொறுமையாகக் காட்டித் தந்தார். எட்டாம் நாள் துண்டு வெட்டும்போது சொன்ன கடைசி வார்த்தை, “நல்லாத் தண்ணி குடிக்க வேணும் அக்கா, தண்ணி குறையவே விடக்கூடாது.” நான் அதை அப்படியே செய்தேன். பன்னிரண்டு நாளில் சாகப் பார்த்தேன்.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தண்ணீர் குறையக்கூடாது என்பது சரிதான். ஆனால் இலியோஸ்டமியிலிருந்து அளவுக்கு மிஞ்சிப் போகத் தொடங்கிவிட்டால் வெறும் தண்ணீர் அதை நிறுத்தாது, கூட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று கிழமையும் ஒரு லட்சத்துக்கு மேல் காசும் போயிருக்காது, கீமோ பிந்தியிருக்காது.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். இவர் கட்டாரில் வேலை. மகனுக்கு ஏ.எல். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அவனிடம் எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது கச்சான் காற்று தொடங்கிவிட்டது. திருகோணமலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்று அடித்தால் காலை பத்து மணிக்கே உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் முறுகும். முதல் நாலு நாள் நன்றாகத்தான் போனது. பையை ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை வெறுமையாக்குவேன், வருவதும் கஞ்சிப் பதத்தில் இருந்தது. ஐந்தாம் நாள் அது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மாறியது. ஏழாம் நாள் பன்னிரண்டு தடவை வெறுமையாக்கினேன். இரவில் மூன்று தடவை எழும்பினேன், ஒரு தடவை பிந்திவிட்டதால் பை கழன்று பாயெல்லாம் நனைந்தது. ஒரு பை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மூன்று நாள் ஒட்டியிருக்க வேண்டியது அரை நாளில் கழன்றால் எப்படி இருக்கும் என்று பை பாவிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒட்டு நிற்காமல் தோல் வெந்து சிவந்துபோனது.

தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பேன், பத்து நிமிடத்தில் திரும்பத் தாகம். பக்கத்து வீட்டு மாமி நாளுக்கு இரண்டு செவ்விளநீர் வெட்டித் தந்தார். அக்கா தேசிக்காய் கரைத்து நிறையச் சீனி போட்டு அனுப்புவார். பிளேன்டீ ஒரு பக்கம். கணக்குப் பார்த்தால் நாளுக்கு நாலரை லீட்டர் உள்ளே போயிருக்கும். ஆனால் சிறுநீர் விடியற்காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, அதுவும் கடும் தேயிலைச் சாயத்தில் கொஞ்சம்தான். இவ்வளவு குடித்தும் சிறுநீர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. பை நிறைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து எழும்பினால் கண் இருட்டும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், விரல்கள் விறைத்து மடங்கிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். வயிற்றோட்டம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு போத்தல் சேலைன் ஏற்றினார்கள், குமட்டல் இருந்ததால் மெட்டோகுளோபிரமைட் குளிசையும் தந்தார்கள். பதினோராயிரம் ரூபாய் முடிந்தது. சேலைன் ஏறியதும் உயிர் வந்தது மாதிரி இருந்தது, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் நிலைமை முன்னையதைவிட மோசம். பின்னாலதான் தெரிந்தது, அந்தக் குமட்டல் குளிசை வாந்தியை நிறுத்துவதோடு வயிறும் குடலும் வேகமாகத் தள்ளும்படியும் செய்யும். ஏற்கெனவே ஓடுகிற குடலை இன்னும் விரட்டிவிட்டோம். குமட்டலுக்கு, மலச்சிக்கலுக்கு என்று யார் எந்தக் குளிசை தந்தாலும் “எனக்கு இலியோஸ்டமி இருக்கிறது, இது குடலை வேகப்படுத்துமா” என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை குசினியில் மகனுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். அவன்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தியசாலையில் சேர்த்தான். பிரஷர் 80க்கு 50. ஒப்பரேஷன் முடிந்து வரும்போது 54 கிலோவாக இருந்த நான் 49. இரத்தத்தில் சோடியம் 124, வழமையாக 135க்கு மேலே இருக்க வேண்டும். கிரியேட்டினின் கொழும்பில் 0.8 ஆக இருந்தது 3.4க்கு ஏறியிருந்தது, அதாவது சிறுநீரகம் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிட்டது. பொட்டாசியம் 5.9, அது இதயத்துக்கு ஆபத்து என்று உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மக்னீசியம் குறைந்திருந்தது, இரவில் விரல்கள் இழுத்ததற்கு அது ஒரு காரணம்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் இரண்டாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். சிறுகுடலின் கடைசிக்கு வரும்போது உணவோடு ஒன்றரை லீட்டர் போலத் தண்ணீரும் அதிலே நிறைய உப்பும் இருக்கும். வழமையில் பெருங்குடல் அதை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். எனக்கு அந்தப் பெருங்குடலுக்குப் போகிற வழியைத்தான் மறித்திருக்கிறார்கள். ஒரு லீட்டர் பையில் போனால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பும் போகிறது. எனக்கு நாளுக்கு மூன்று லீட்டர் போனது, அப்படியானால் மூன்று தேக்கரண்டி. நானோ ஆறு வருடமாகப் பிரஷர் என்று உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவள், ஒப்பரேஷனுக்குப் பிறகும் அதே பத்தியத்தில்தான் இருந்தேன்.

சரி, போன தண்ணீருக்குத் தண்ணீர் குடித்தேனே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதை முழுவதற்கும் திறப்பு. சிறுகுடலின் மேல்பகுதிச் சுவர் ஓட்டை நிறைந்த வலை மாதிரி. உப்பில்லாத தண்ணீர் அதற்குள் போனால், உள்ளேயும் வெளியேயும் உப்பைச் சமப்படுத்துவதற்காக உடம்பு தன் இரத்தத்தில் இருக்கிற உப்பைக் குடலுக்குள் விடும். உப்புப் போனால் தண்ணீரும் பின்னாலே போகும். கீழே அதைத் திருப்பி எடுக்கப் பெருங்குடல் இல்லை, எல்லாம் பைக்குள் வந்துவிடும். வெறும் தண்ணீர், பிளேன்டீ, கோப்பி எல்லாம் இதில் ஒன்றுதான். கடும் இனிப்பான சோடா, நிறையச் சீனி போட்ட ஜூஸ் வேறு விதமாகக் கெடுக்கும். அவற்றின் செறிவு கூட, அதனால் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். எனக்கு வேண்டியது சோடியம், வேண்டாதது பொட்டாசியம். மாமி அன்போடு வெட்டித் தந்த இளநீர் பழுதான சிறுநீரகத்தோடு சேர்ந்து என் பொட்டாசியத்தை ஏற்றியிருக்கிறது. மாமிக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

இதை நம்பவைக்க அவர் வார்த்தையோடு நிற்கவில்லை. 24 மணித்தியாலத்துக்கு வாயால் ஒன்றும் தராமல், நரம்பால் சேலைன் மட்டும் ஏற்றி, பையில் வருவதை நேர்ஸ் மிஸ் அளவுச் சாடியில் ஊற்றி எழுதினார். முதல் நாள் 3 லீட்டருக்கு மேலே போனது, அந்த 24 மணித்தியாலத்தில் 900 மில்லி லீட்டர்தான். எனக்கு அதைவிட அதிசயமாக இருந்தது தாகம். ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படாமலே தாகம் அடங்கிவிட்டது. உப்பு ஏறியதும் தாகம் போய்விட்டது. இத்தனை நாளும் உடம்பு கேட்டது உப்புத் தண்ணீரை, நான் கொடுத்தது வெறும் தண்ணீரை.

சிறுநீரைப் பரிசோதித்ததில் சோடியம் 10க்கும் குறைவு என்று வந்தது. 20க்குக் கீழே என்றால் உடம்பு ஒரு பொட்டு உப்பைக்கூட வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். இரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கும்போதே இது குறைந்துவிடும் என்பதால், கிளினிக்குக்குப் போகிறபோது சிறுநீர்ச் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மலத்தையும் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், வயிற்றுக்குள் எங்கேயாவது சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள். இரண்டும் இல்லை. இவற்றைப் பார்க்காமல் குடலை மெதுவாக்கும் மருந்து தரக்கூடாது என்று சொன்னார். நான் காலையில் போட்டுக்கொண்டிருந்த லொசாட்டன் பிரஷர் குளிசையையும் அன்றே நிறுத்தினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றும்போது அது சிறுநீரகத்தை இன்னும் அடித்துவிடும், பொட்டாசியத்தையும் ஏற்றும். பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ குளிசை போடுகிறவர்கள், சிறுநீர் அதிகம் போகச்செய்யும் குளிசை எடுப்பவர்கள், பை அதிகமாக ஓடத் தொடங்கிய அன்றே டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “இதை நிறுத்தி வைக்கவா” என்பதுதான். டைக்கிளோபினாக் மாதிரி நோக் குளிசைகளும் அப்படித்தான், சிறுநீரகத்துக்கு ஆகாது.

இப்போது, வெறும் தண்ணீருக்குப் பதிலாக எனக்குக் குடிக்கத் தந்த உப்புக் கரைசலைப் பற்றி. எனக்குத் தந்த கணக்கு, கொதித்தாறிய தண்ணீர் 1 லீட்டர், குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம். பேக்கிங் பவுடர் வேறு, அப்பச்சோடா வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து போனால் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே எடுக்கும், தண்ணீரும் கூடப் போகும். குளுக்கோஸ் இல்லாமல் உப்பு மட்டும் போட்டால் அந்தளவுக்கு எடுபடாது. வீட்டில் கரண்டி அளவை நம்பப் பயமாக இருந்தது, உப்பு ஒவ்வொரு கரண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். நான் நகைக் கடையில் வேலை செய்யும் தம்பியிடம் போய், அவர்களின் சின்னத் தராசில் மூன்றையும் நிறுத்துத் தரச் சொன்னேன். பாணி மருந்துப் போத்தலோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில் உப்பைப் போட்டு, அது நின்ற இடத்தில் பேனையால் கோடு கீறினேன். மற்றதுக்கும் அப்படியே. அந்த மூன்று மூடிகளும் ஐந்து மாதம் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தன.

ஜீவனி பைக்கற் கரைத்துக் குடித்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். வயிற்றோட்டத்துக்கு அது நல்லது, ஒன்றும் கிடைக்காத நேரத்தில் வெறும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி செய்யும் கரைசலில் சோடியம் லீட்டருக்கு 75 மில்லிமோல், எங்கள் மாதிரிப் பை அதிகம் ஓடுகிறவர்களுக்கு 90 போல வேண்டும். தவிர அதில் பொட்டாசியமும் இருக்கிறது, சிறுநீரகம் சரியில்லாத அந்த நாட்களில் எனக்கு அது வேண்டாம் என்றார்கள். பைக்கற்றை நீங்களாகவே இரட்டிப்பாகக் கரைக்க வேண்டாம், டொக்டர் சொன்னால் மட்டும்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கரைசல் வாயில் வைக்க முடியாது. கண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருக்கும். முதல் நாள் அரைக் கோப்பைக்கு மேல் முடியாமல் அழுதேன். பிறகு பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்ததும் ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சினால் உப்பு நாக்கின் நுனியில் அவ்வளவாகப் படாது என்று கண்டுபிடித்தேன், ஒரு லீட்டருக்கு அரைத் தேசிக்காய்ப் புளியும் விட்டேன். மணித்தியாலத்துக்கு ஒரு சின்னக் கோப்பை என்று வைத்து நாள் முழுவதும் குடிக்க வேண்டும், ஒரேயடியாகக் குடித்தால் பைக்குத்தான் போகும். மிஞ்சியதை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காமல் ஊற்றிவிட வேண்டும். இப்படி நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லீட்டர் கரைசல். மற்றபடி தண்ணீர், தேத்தண்ணி, ஜூஸ் எல்லாம் சேர்த்து அரை லீட்டர்தான். அந்த அரை லீட்டரைக் காலையில் ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுவேன், அது முடிந்தால் அன்றைக்கு முடிந்ததுதான். கச்சான் காற்றில் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் முதல் மூன்று நாள்தான் கஷ்டம், உப்புச் சரிவந்ததும் தாகமே குறைந்துவிட்டது. பையில் போவது நாளுக்கு ஒன்றரை லீட்டராக அடங்கியதும் எனக்கு அந்த அரை லீட்டர் எல்லையை ஒரு லீட்டருக்குக் கூட்டிவிட்டார்கள்.

அடுத்தது குடலை மெதுவாக்கும் மருந்து. லோபரமைட் 2 மில்லிகிராம் குளிசை, வேளைக்கு இரண்டு, நாளுக்கு நாலு வேளை. காலை, மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு, பிறகு படுக்கப் போகும்போது. நேரம் முக்கியம். சாப்பிட்டபிறகு போட்டால், சாப்பாடு குடலைத் தட்டி ஓட்டிய பிறகுதான் மருந்து வேலை தொடங்கும். நான் வீட்டுக்கு வந்து நாலாம் நாள் திரும்பவும் கூடத் தொடங்கியது, மருந்தை ஒரு வேளையும் விடவில்லையே என்று குழம்பினேன். பையைக் கழுவ ஊற்றியபோது ஒரு பச்சைக் கூட்டுக் குளிசை முழுதாக மிதந்து வந்தது. கூடு ஊதி வழுக்கியிருந்ததே தவிர உடையவேயில்லை. கரைவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. கிளினிக்கில் சொன்னதும், கூட்டைத் திறந்து பொடியை ஒரு கரண்டி ஜாமிலோ வாழைப்பழத்திலோ போட்டு விழுங்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் எல்லாக் குளிசையையும் இப்படி உடைக்கக்கூடாது. மெதுவாகக் கரையச் செய்த நீள்நேரக் குளிசைகளை உடைத்தால் ஆபத்து, உடைக்காவிட்டாலும் அவை எங்களுக்கு முழுதாக வெளியே போகும், அதனால் வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாளுக்கு 16 மில்லிகிராம், அதாவது எட்டுக் குளிசை, எனக்குத் தந்த ஆகக் கூடிய அளவு. வழமையாகச் சொல்கிற எல்லையும் அதுதான். இலியோஸ்டமிக்காரருக்குச் சில வேளை அதற்கு மேலேயும் தருவார்கள், ஆனால் அளவு கூடினால் இதயத் துடிப்பைக் குழப்பும் என்பதால் ஈ.சி.ஜி. பார்த்துத் தருவார்கள். பாமசியில் லேசாகக் கிடைக்கிறதே என்று நீங்களாகக் கூட்ட வேண்டாம். இதோடு காலையில் ஒமிபிரசோல் 40 மில்லிகிராம் தந்தார்கள். இரைப்பை சுரக்கிற நீரைக் குறைத்தால் கீழே வருகிற நீரும் குறையும் என்பது கணக்கு. போதாவிட்டால் கோடீன் சேர்ப்போம் என்றார்கள், அது மயக்கம் தரும் என்பதால் எனக்குத் தேவைப்படாமல் போனது நல்லதாயிற்று.

மருந்து எடுக்கிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. நாலு ஆறு மணித்தியாலமாகப் பையில் ஒன்றுமே வரவில்லை, வயிறு ஊதி முறுக்கி வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எடுக்காதீர்கள், குடல் அடைபட்டிருக்கலாம். லோபரமைட்டை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். அதேபோலக் காய்ச்சலோடு ஓடினாலோ இரத்தம் வந்தாலோ, காட்டாமல் இந்த மருந்தைப் போடக்கூடாது. எனக்கு அடைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தது, தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டுச் சாப்பிட்ட அன்று. அதற்குப் பிறகு பை மூடும்வரை தேங்காய்ப்பூ தொடவில்லை, கறிக்குப் பால் மட்டும் பிழிந்து விட்டேன்.

சாப்பாட்டில் ஆகப் பெரிய மாற்றம் உப்புதான். ஆறு வருடமாக உப்பு வேண்டாம் என்று சொன்ன உலகம் திடீரென்று உப்புப் போடு என்றது, கை போகவில்லை. சோற்றுக்கு உப்பிட்டு அவித்தேன், கருவாட்டுக் குழம்பு, தேசிக்காய் ஊறுகாய் எல்லாம் திரும்ப வந்தன. பிரஷரை ஒவ்வொரு கிழமையும் பார்த்தோம், பை ஓடிய மாதங்களில் லொசாட்டன் இல்லாமலே 110க்கு மேலே போகவில்லை. சிவப்பரிசியை விட்டு வெள்ளையரிசிக்கு மாறினேன், கீரையும் பச்சை மரக்கறியும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தினேன், பாண், சவ்வரிசி, வாழைப்பழம் பையைக் கொஞ்சம் தடிப்பாக்கின. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கிற பழக்கத்தை விட்டேன், அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் ஒன்றும் குடிப்பதில்லை. இது எனக்கு நன்றாகவே உதவியது.

ஏழு நாள் வாட்டில் இருந்தேன். கிரியேட்டினின் 1.1க்கு இறங்கியபிறகு விட்டார்கள். தனியார் கிளினிக், வெளியே எடுத்த இரத்தப் பரிசோதனைகள், கழன்று கழன்று போன பைகள், கொழும்புக்கு இரண்டு தடவை வான் என்று எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போனது. காசைவிட மனதை அரித்தது கீமோ மூன்று கிழமை பிந்தியதுதான். சிறுநீரகம் சரியாகும்வரை தொடங்க முடியாது என்று சொன்னபோது, அந்தக் கட்டியின் மிச்சம் எனக்குள் எங்கேயாவது வளர்கிறதோ என்று ஒவ்வொரு இரவும் முழித்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இவர் கட்டாரில் இருந்து வீடியோவில் எடுக்கும்போது சிரித்துக் கதைத்துவிட்டு, வைத்தபிறகு அழுவேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு மூன்றே மூன்றை எழுதினேன். பையில் போனது, சிறுநீர், காலை நிறை. பழைய பிளாஸ்டிக் அளவுச் சாடிகள் இரண்டு, ஒன்று பைக்கு, ஒன்று சிறுநீருக்கு. பை தடவைக் கணக்கில் எண்ணுவது பிரயோசனமில்லை, ஒருவர் கால் பையில் ஊற்றுவார், ஒருவர் முக்கால் பையில். மில்லி லீட்டரில் அளக்க வேண்டும். எனக்குத் தந்த எல்லைகள் இவை. பையில் 600லிருந்து 1,000 வரை போனால் நல்லது. இரண்டு நாள் தொடர்ந்து 1,500ஐத் தாண்டினால் கிளினிக்குக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 2,000 என்றால் அன்றே போக வேண்டும். சிறுநீர் ஒரு லீட்டர் போல வர வேண்டும், 800க்குக் கீழே விடக்கூடாது. நிறை ஒரே இரவில் ஒரு கிலோ குறைந்தால் அது கொழுப்பல்ல, ஒரு லீட்டர் தண்ணீர். எழும்பும்போது தலை சுற்றி, சிறுநீரும் இல்லை என்றால் கொப்பியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆட்டோ பிடித்துவிட வேண்டும். போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். “நிறையப் போகுது டொக்டர்” என்பதற்கும் “நேற்று 2,300, முந்தநாள் 1,900, சிறுநீர் 400” என்பதற்கும் கிடைக்கிற கவனம் வேறு, நான் இரண்டையும் அனுபவித்திருக்கிறேன்.

ஐப்பசியில் பையை உள்ளே வைத்து மூடினார்கள். கொஞ்ச நாள் கழித்து மூதூரில் இருந்து ஒரு தங்கச்சி எடுத்தாள், கிளினிக்கில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அவளின் கணவருக்கு அதே ஒப்பரேஷன், வந்து ஆறு நாள். “நல்லாத் தண்ணி குடுக்கிறன் அக்கா, நாலு போத்தல் குடிக்கிறார், ஆனா தாகம் அடங்குதில்லை” என்றாள். எவ்வளவு போகிறது என்று கேட்டேன், தெரியாது என்றாள். எழும்பினால் தலை சுற்றுகிறதா, சிறுநீர் எப்படி என்று கேட்டேன். சுற்றுவதாகச் சொன்னாள், சிறுநீர் காலையில் இருந்து வரவில்லை என்றாள். அப்போது பின்னேரம் நாலு மணி. கையில் இருக்கிற போத்தலைக் கீழே வைக்கச் சொன்னேன். போகும் வழியில் கடையில் ஒரு ஜீவனி வாங்கி, பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே இப்போதே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், அவர் போடும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு. இரவு எட்டு மணிக்கு அவளிடம் இருந்து ஒரு படம் வந்தது, நேர்ஸ் மிஸ் பையை ஊற்றி அளந்த சாடி. பின்னேரத்தில் இருந்து அதுவரைக்கும் 1,100 மில்லி லீட்டர். கீழே எழுதியிருந்தாள், “சேலைன் போட்டாச்சு அக்கா. உப்புக் குறைவாம்.”